சாட்சி பிறழ்ந்துவிட்டால் கொலை வழக்கு அதோடு முடிந்துவிடுமா?

கேள்வி: "எங்கள் அண்ணனை டீக்கடை வாசலில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர். டீக்கடைக்காரர் கூண்டில் ஏறியதுமே 'நான் எதையும் பார்க்கவில்லை, போலீஸில் எதுவும் சொல்லவில்லை' என்று சொல்லிவிட்டார். அண்ணனின் நண்பர், அரசு வக்கீலான பி.பி. நீதிமன்றத்தில் நடத்திய முதல் விசாரணையில் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். 4 மாதம் கழித்து நடந்த குறுக்கு விசாரணையில் 'இருட்டு, யார் என்று தெரியவில்லை' என்று மாறிவிட்டார். போலீஸில் சொன்னதை வைத்தே தண்டனை கொடுக்க முடியாதா? பி.பி.யும் நீதிபதியும் இனி என்ன செய்ய முடியும்?"

போலீஸில் சொன்னதை மட்டும் வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது. ஆனால் வழக்கு இதோடு முடிந்துவிடவும் இல்லை. இருவரும் மாறிவிட்டார்கள் என்றாலும் சட்டத்தின் பார்வையில் இருவர் நிலையும் ஒன்றல்ல. டீக்கடைக்காரரின் சாட்சியத்திலிருந்து அரசு தரப்புக்குக் கிடைக்கக்கூடியது மிகக் குறைவு. நண்பருடைய சாட்சியமோ இன்னும் வழக்கைத் தாங்கக்கூடியது.

முதலில் போலீஸ் வாக்குமூலத்தைப் பார்ப்போம். விசாரணை அதிகாரி சாட்சியை விசாரித்து எழுதும் வாக்குமூலத்தைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161 வாக்குமூலம் என்பார்கள். புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது பிரிவு 180. (2024 ஜூலை 1-க்கு முன்பே விசாரணை தொடங்கி நிலுவையில் இருக்கும் வழக்குக்குப் பழைய சட்டமே தொடரும். அதனால் இரண்டு எண்களையும் சொல்கிறேன்.) அதில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, வாங்கவும் கூடாது. சத்தியப் பிரமாணமும் இல்லை. சாட்சி உண்மையில் என்ன சொன்னார், அதிகாரி என்ன எழுதிக்கொண்டார் என்பதற்கு அந்த அதிகாரியின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் பெரும்பாலும் இருக்காது. ஆகவே அந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. 'அன்று ஒன்று சொன்னாய், இன்று வேறு சொல்கிறாய்' என்று காட்டுவதற்கு மட்டுமே அது பயன்படும். அப்படிக் காட்டிய பிறகும் சாட்சி பொய் சொல்கிறார் என்பதுதான் நிலைநாட்டப்படுகிறதே தவிர, வாக்குமூலத்தில் இருப்பது உண்மை என்று ஆகிவிடாது. இந்த விதி இப்போது உங்களுக்கு எதிராக இருப்பது போலத் தோன்றும். ஆனால் போலீஸ் தாங்களாகவே எழுதிக்கொண்ட வாக்குமூலத்தால் ஒரு நிரபராதி சிறைக்குப் போகாமல் காப்பதும் இதே விதிதான். பிறழ்கிற எல்லாச் சாட்சியும் விலைபோனவர் அல்ல. சிலர், தாங்கள் சொல்லாததை அதிகாரி எழுதிவிட்டார் என்பதால்தான் கூண்டில் மறுக்கிறார்கள்.

மாஜிஸ்திரேட் முன்பு கொடுக்கும் வாக்குமூலம் (பழைய 164, புதிய 183) இதைவிட ஒரு படி மேல். அது பிரமாணத்தின் மீது பதிவாகிறது. ஆனாலும் குற்றத்தை நிரூபிக்க அது தனியாகப் போதாது. நீதிமன்றச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கவோ முரணைக் காட்டவோதான் உதவும். 10 ஆண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரண தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. சாட்சிகள் பின்னால் மாறுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் வழக்கில் இருவரையும் அப்படி நிறுத்தினார்களா என்று குற்றப்பத்திரிகை நகலில் பாருங்கள்.

இனி டீக்கடைக்காரர். அவர் 'எதுவும் தெரியாது' என்றதும் பி.பி. செய்ய வேண்டியது, அவரைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அங்கேயே நீதிபதியிடம் அனுமதி கேட்பது (சாட்சியச் சட்டம் 154, புதிய சாக்ஷ்ய அதினியம் 157). பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். தவறு நடப்பது அதற்குப் பிறகுதான். பல வழக்குகளில் பி.பி. முழு வாக்குமூலத்தையும் காட்டி, 'போலீஸ் விசாரணையில் சொன்னபடி இப்போது சொல்லாமல், குற்றம் சாட்டப்பட்ட எதிரிகளோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறீர்கள்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். சாட்சி மறுப்பார். 'என்றால் சரியல்ல' என்று பதிவாகும். பி.பி. உட்கார்ந்துவிடுவார். இப்படிச் செய்தால் சட்டப்படி எந்த முரணும் பதிவாகவில்லை.

சரியான முறை இது. வாக்குமூலத்தில் எந்த வரி முக்கியமோ அந்த வரியை மட்டும் எடுத்துச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும். 'இரவு 8 மணிக்கு என் கடை வாசலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது' என்று சொன்னீர்களா? 'எதிரி 1 அரிவாளால் தலையில் வெட்டினார்' என்று சொன்னீர்களா? இப்படி வரி வரியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்லும் பதில், படித்துக்காட்டிய அந்த வாசகத்தோடு சேர்ந்து பதிவாக வேண்டும். சாட்சி ஒப்புக்கொண்டால் முரண் அங்கேயே நிரூபணமாகிவிடும். மறுத்தால், விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அதே வரிகளை அவரிடம் கேட்டு, 'ஆம், இந்தச் சாட்சி என்னிடம் இப்படிச் சொன்னார்' என்று பதிவு செய்ய வேண்டும். இதில் ஒரு படி விட்டுப்போனாலும் முரண் நிரூபணமாகாது. சாட்சியிடம் கேட்காத வரியை அதிகாரியிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. சாட்சியிடம் கேட்டுவிட்டு அதிகாரியிடம் கேட்காமல் விட்டாலும் பயனில்லை. உச்ச நீதிமன்றம் 1959-இல் தாசில்தார் சிங் வழக்கிலும், 2015-இல் வி.கே. மிஸ்ரா வழக்கிலும் இந்த முறையைத் தெளிவாக விளக்கியிருக்கிறது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் டீக்கடைக்காரரின் சாட்சியத்தால் எதிரியை அடையாளம் காட்ட முடியாது. பிறகு எதற்கு இந்தப் பாடு? குறுக்கு விசாரணையில் அவரால் மறுக்க முடியாத சில துண்டுகள் வெளிவரும். கடை அவருடையது, அன்று இரவு திறந்திருந்தது, வாசலில் விளக்கு இருந்தது, சத்தம் கேட்டு வெளியே வந்தபோது உங்கள் அண்ணன் ரத்தத்தில் கிடந்தார், நண்பர் பக்கத்தில் நின்றார் என்பவை அவை. இவற்றில் எதையாவது அவர் ஒப்புக்கொண்டால் அது நீதிமன்றத்தில் பிரமாணத்தின் மீது சொன்ன சாட்சியம். பிறழ் சாட்சி என்று அறிவித்ததாலேயே ஒருவருடைய சாட்சியம் முழுவதும் அழிந்துவிடாது. நம்பத்தகுந்த பகுதியைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது சத்பால் வழக்கு, பகவான் சிங் வழக்கு காலத்திலிருந்தே, அதாவது 1970-களின் நடுவிலிருந்தே நிலைபெற்ற சட்டம். 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் பேருந்தோடு எரிக்கப்பட்ட வழக்கில் பல சாட்சிகள் பிறழ்ந்தார்கள். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு மறுபடியும் விசாரிக்கப்பட்டது. 2010-இல் அந்த வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதே விதியைத்தான் மறுபடி சொன்னது. உங்கள் வழக்கில் டீக்கடைக்காரர் 'விளக்கு எரிந்தது' என்று மட்டும் ஒப்புக்கொண்டாலே, நண்பர் பிறகு சொன்ன 'இருட்டு' என்ற காரணம் ஆட்டம் காணும்.

இந்த வழக்கின் உயிர் நண்பரிடம்தான் இருக்கிறது. அவர் முதல் விசாரணையில் எதிரிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியிருக்கிறார். அது போலீஸ் வாக்குமூலம் அல்ல. நீதிபதி முன்பு, பிரமாணத்தின் மீது, எதிரிகளைக் கண்ணெதிரே வைத்துச் சொன்ன சாட்சியம். 4 மாதம் கழித்துச் சொன்னதும் அதே தகுதியுடைய சாட்சியம்தான். இரண்டில் எதை நம்புவது என்று தேர்வு செய்யும் உரிமை நீதிபதிக்கு உண்டு. கடைசியாகச் சொன்னதைத்தான் ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1991-இல் குஜ்ஜி வழக்கில், முதல் விசாரணையில் அடையாளம் காட்டிய சாட்சி ஒரு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் தடுமாறினார். இடைப்பட்ட மாதத்தில் அவரை வளைத்துவிட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்து, முதலில் சொன்னதையே ஏற்றது.

இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் தமிழ்நாட்டிலிருந்தே போன செல்வமணி வழக்கு. 2024 மே மாதம் தீர்ப்பு வந்தது. கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கு அது. பாதிக்கப்பட்ட பெண், அவருடைய தாய், உறவினர் மூவரும் முதல் விசாரணையில் நடந்ததைச் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்றரை மாதம் கழித்து நடந்த குறுக்கு விசாரணையில் மூவரும் பின்வாங்கினார்கள். அந்த இடைவெளியில்தான் அவர்கள் எதிரிகள் பக்கம் இழுக்கப்பட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, மருத்துவச் சான்றும் மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலமும் முதல் விசாரணையோடு பொருந்துவதால் தண்டனையை உறுதி செய்தது. உங்கள் பி.பி. தன் வாதத்தில் முதலில் எடுத்துவைக்க வேண்டிய தீர்ப்பு இதுவே.

ஆனால் ஒரு நிபந்தனை. நண்பர் குறுக்கு விசாரணையில் மாறியதும் பி.பி. எழுந்து அனுமதி கேட்டு அவரை மறுபடி கேள்வி கேட்டாரா, அல்லது 'மறு விசாரணை இல்லை' என்று விட்டுவிட்டாரா? முதல் விசாரணை முடிந்துவிட்டதே, இனி எப்படிப் பிறழ் சாட்சியாக அறிவிப்பது என்று சிலர் தயங்குவார்கள். எந்தக் கட்டத்திலும் அனுமதி கேட்கலாம் என்று 1964-லேயே தீர்ப்பு இருக்கிறது. கேட்காமல் விட்டால், தன் சாட்சி சொன்னதை அரசு தரப்பே ஏற்றுக்கொண்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். 2005-இல் ராஜா ராம் வழக்கில் அந்த வாதம் எடுபட்டும் இருக்கிறது. அன்று விட்டுப்போயிருந்தாலும் வழி உண்டு. தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் சாட்சியை மறுபடி அழைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது (பழைய 311, புதிய 348). மனுவில் 'இடைவெளி 4 மாதம், இன்ன தேதியில் இப்படிச் சொன்னார், இன்ன தேதியில் இப்படி மாறினார், இந்த முரணைப் பதிவு செய்யாமல் உண்மை வெளிவராது' என்று குறிப்பாக எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக 'நீதியின் நலன் கருதி' என்று எழுதிய மனுக்கள், வழக்கின் ஓட்டையை அடைக்கும் முயற்சி என்று தள்ளுபடியாகிவிடும்.

அந்த 4 மாத இடைவெளி ஏன் வந்தது என்பதும் முக்கியம். முதல் விசாரணை முடிந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, குறுக்கு விசாரணையும் முடிய வேண்டும் என்பதுதான் சட்டத்தின் போக்கு. 2015-இல் வினோத் குமார் வழக்கில் இந்த இடைவெளி 20 மாதம் நீண்டதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஒத்திவைப்பு கேட்டது எதிர்த்தரப்பா, என்ன காரணம் சொன்னார்கள், நீதிபதி காரணம் எழுதினாரா என்பதெல்லாம் நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். எதிர்த்தரப்பே வாய்தா வாங்கியிருந்தால், 'இடையில் வளைத்துவிட்டார்கள்' என்ற வாதத்துக்கு அந்தக் குறிப்பே சான்று.

முதல் விசாரணையை ஏற்க வேண்டுமென்றால் அதோடு பொருந்தும் வேறு சான்றும் வேண்டும். உங்கள் அண்ணன் உயிரோடு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தால், பணியிலிருந்த டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதியிருப்பார். எத்தனை மணிக்கு, எங்கே, தெரிந்த நபர்களா தெரியாத நபர்களா, என்ன ஆயுதம் என்று நான்கைந்து வரிகள்தான் இருக்கும். அந்த வரிகளை யார் சொல்லி டாக்டர் எழுதினார் என்று பாருங்கள். உங்கள் அண்ணனே நினைவோடு சொல்லியிருந்தால், அவர் இறந்துவிட்டதால் அது மரண வாக்குமூலம் ஆகிறது. நம்பகமானதென்றால் அதை மட்டும் வைத்தே தண்டனை கொடுக்கலாம், எந்தச் சாட்சி பிறழ்ந்தாலும் கவலையில்லை. கூட்டிவந்த நண்பர் சொல்லியிருந்தால் அதன் எடை குறைவு. ஆனாலும் சம்பவம் நடந்த சூட்டோடு, போலீஸ் வருவதற்கு முன்பே அவர் சொன்னது என்பதால் அவருடைய முதல் விசாரணைக்கு அது பலம் சேர்க்கும். 'தெரிந்த 3 நபர்கள் அரிவாளால் வெட்டியதாக' என்று அன்று இரவே டாக்டரிடம் சொன்னவர், இப்போது 'இருட்டு, யார் என்று தெரியவில்லை' என்பதை நீதிபதி எளிதில் ஏற்கமாட்டார். மாறாக 'தெரியாத நபர்கள்' என்று எழுதியிருந்தால் அது எதிர்த்தரப்பின் கையில் பெரிய ஆயுதம். அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது எதிரி காட்டிக்கொடுத்துக் கைப்பற்றிய அரிவாள். தமிழ்நாட்டில் ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜருக்கும் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும் சாட்சியாகப் போடுவது வழக்கம். அரசு ஊழியர் எளிதில் பிறழமாட்டார் என்பதுதான் காரணம். அந்த அரிவாளில் மனித ரத்தம் இருந்து, அதன் வகை உங்கள் அண்ணனின் ரத்த வகையோடு ஒத்துப்போனால் நல்ல இணைப்பு. வகை கண்டறிய முடியவில்லை என்று ஆய்வக அறிக்கை வந்திருந்தால் இணைப்பு தளரும். கைப்பற்றுதலை மட்டும் நம்பிக் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை வாங்குவது கடினம். நண்பரின் முதல் விசாரணைக்குத் துணையாக நிறுத்தும்போதுதான் அது வேலை செய்யும்.

கேமரா பதிவு இருந்தால் அதன் பலம் வேறு. கோகுல்ராஜ் கொலை வழக்கில் அவரோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போயிருந்த தோழி பிறழ் சாட்சியானார். மேல்முறையீட்டின்போது 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே அவரை வரவழைத்து, கோயில் கேமரா பதிவைப் போட்டுக்காட்டிக் கேட்டது. அதில் இருப்பது தான் அல்ல என்றார். அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுத்த உயர் நீதிமன்றம், 2023 ஜூனில் கேமரா பதிவையும் மற்றச் சூழ்நிலைச் சான்றுகளையும் வைத்து முதன்மைக் குற்றவாளிக்கான தண்டனையை உறுதி செய்தது. உங்கள் டீக்கடைக்கு எதிரே கேமரா இருந்து பதிவு எடுக்கப்பட்டிருந்தால், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் (சாட்சியச் சட்டம் 65பி, புதிய சாக்ஷ்ய அதினியம் 63) தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பதிவு பயனற்றுப் போன வழக்குகள் உண்டு.

பொய் சொன்னவர்களைத் தண்டிக்க முடியாதா என்று உங்களுக்குத் தோன்றும். முடியும், இரண்டு வழி இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்போதே, இவர் தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னார் என்று நீதிபதி பதிவு செய்து, நோட்டீஸ் கொடுத்துச் சுருக்கமாக விசாரித்து 3 மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் (பழைய 344-இல் அபராதம் 500 ரூபாய், புதிய 383). இல்லையென்றால் முறையான புகார் அனுப்பி, 7 ஆண்டு வரை சிறைக்கு வழியுள்ள பொய்ச் சாட்சிய வழக்கை நடத்தலாம் (பழைய 340, புதிய 379). உங்கள் அண்ணனின் நண்பர் பிரமாணத்தின் மீது இரண்டு விதமாகச் சொல்லியிருப்பதால் அவர்மீது இது நிற்கும். டீக்கடைக்காரர் மாஜிஸ்திரேட் முன் எதுவும் சொல்லவில்லை என்றால், பிரமாணமில்லாத போலீஸ் வாக்குமூலத்திலிருந்து மாறினார் என்பது மட்டும் போதாது. கூண்டில் சொன்னது பொய் என்பதை வேறு சான்றால் காட்ட வேண்டும். குஜராத் கலவரத்தின்போது நடந்த பெஸ்ட் பேக்கரி கொலை வழக்கில் மாறி மாறிப் பேசிய முக்கியச் சாட்சிக்கு 2006-இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டு சிறையும் 50,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. ஆனால் சாட்சியைத் தண்டிப்பதால் உங்கள் அண்ணன் வழக்கில் ஒரு சான்றும் கூடாது. பயந்துபோய் மாறியவரை ஜெயிலுக்கு அனுப்புவதைவிட, பயமுறுத்தியவனைப் பிடிப்பதுதான் அவசரம்.

மிரட்டல் நடந்திருக்கிறது என்று தெரிந்தால், பொய் சொல்லச் சொல்லிச் சாட்சியை மிரட்டுவது 7 ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம் (பழைய தண்டனைச் சட்டம் 195ஏ, புதிய நியாய சன்ஹிதா 232). எதிரிகள் ஜாமீனில் இருந்தால் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். இன்னும் விசாரிக்க வேண்டிய சாட்சிகள் இருந்தால், 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அமலாக்கிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் அவர்களுக்காக மனுக் கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை விசாரிக்கும். ஆபத்து எவ்வளவு என்று 5 வேலை நாளுக்குள் போலீஸ் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 5 வேலை நாளுக்குள் குழு முடிவு சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதம் வரை, தேவைப்பட்டால் நீட்டிப்பு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, இருவருடைய சாட்சியத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கி, பி.பி. எந்தெந்த வரியைக் கேட்டிருக்கிறார் என்று பார்ப்பது. விசாரணை அதிகாரியை இன்னும் விசாரிக்கவில்லை என்றால் மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். அவர் கூண்டைவிட்டு இறங்கிய பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி மனுப் போட வேண்டியிருக்கும். பி.பி.க்கு உதவியாக உங்கள் சார்பில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் (பழைய 24(8), புதிய 18(8)). சாட்சி விசாரணை முடிந்ததும் நீதிமன்ற அனுமதியோடு அவர் எழுத்துமூல வாதமும் தாக்கல் செய்யலாம். செல்வமணி, குஜ்ஜி தீர்ப்புகளை அதில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். எதிரிகள் விடுதலையானால், அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போகலாம் (பழைய 372, புதிய 413). அங்கே நீதிபதிகள் பெரும்பாலும் பார்ப்பது கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியத்தைத்தான். ஆகவே நண்பரை மறுபடி அழைக்கும் மனுவைத் தீர்ப்புக்கு முன்பே போட்டாக வேண்டும்.